ஏழரை மணி வாசல்: ஒரு பொங்கல் சுற்றறிக்கை மூன்று முறை எழுதப்பட்ட கதை

மண்டபம் பக்கத்துக் கடற்கரையில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் நான் தமிழ் ஆசிரியர். பாடம் நடத்துவதோடு பெற்றோருக்குப் போகும் சுற்றறிக்கைகளை எழுதுவதும் பல வருடங்களாக என் வேலை. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் நாட்டுப் படகுக்காரர்கள் இருக்கிறார்கள், விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், நண்டு கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். வளைகுடா நாட்டிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் வாப்பாக்களும் உண்டு. மூன்று மதத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

2024 பொங்கலுக்கு அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஒரு தாள்தான், ஆனால் அதை மூன்று முறை எழுதினோம். கடைசியில் அனுப்பியதிலும் ஒரு பிழை இருந்தது.

முந்தைய வருடம் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். பொங்கல் வாழ்த்துத் தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய அன்று சாயங்காலம், மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மா தாளை வாசலிலேயே பிரித்தார். மேலே எதையும் பார்க்காமல் அவருடைய விரல் நேராகக் கடைசிப் பத்திக்குப் போனது. "டீச்சர், எவ்வளவு கட்டணும்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். வாழ்த்து மேலே இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை, படிக்க வேண்டிய காரணமும் அவருக்கு இல்லை. பள்ளியிலிருந்து வரும் தாளைக் கீழிருந்து படிக்க அவரைப் பழக்கியது நாங்கள்தான்.

இதை முதல்வர் அம்மாவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த வருஷம் அந்தத் தாளை என்கிட்ட கொண்டு வாங்க" என்றார்.

2024 ஜனவரி முதல் வாரத்தில் கொண்டுபோனேன். கணினியில் இருந்த பழைய தாளில் தேதியை மட்டும் மாற்றியிருந்தேன். அது இப்படி இருந்தது:

"பெறுநர்: அனைத்து வகுப்பு மாணவ, மாணவியரின் பெற்றோர்கள். பொருள்: தைப்பொங்கல் வாழ்த்து மற்றும் விடுமுறை – தொடர்பாக. உழவர் பெருமக்களின் உன்னதத் திருநாளாம் தைப்பொங்கல் நன்னாளில் இல்லந்தோறும் இன்பம் பொங்கிட, உள்ளந்தோறும் மகிழ்ச்சி தங்கிட, பள்ளி நிர்வாகத்தின் சார்பில் நல்வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்வதில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறோம். மேலும், 13.01.2024 முதல் 17.01.2024 வரை விடுமுறை விடப்படுகிறது எனவும், 18.01.2024 வியாழன் அன்று பள்ளி வழக்கம்போல் இயங்கும் எனவும் தெரிவிக்கப்படுகிறது. மூன்றாம் பருவக் கட்டணம் செலுத்தாத பெற்றோர்கள் அன்றைய தினம் தவறாது செலுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

முதல்வர் அம்மா ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை அழைத்து அதை வாசிக்கச் சொன்னார். எங்கள் தாள்கள் பல வீடுகளில் இப்படித்தான் படிக்கப்படுகின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கிற அம்மாவுக்கோ, கண்ணாடி இல்லாத அப்பத்தாவுக்கோ பிள்ளைதான் வாசித்துக் காட்டும். அந்தப் பிள்ளை கால்களைச் சேர்த்து நின்றுகொண்டு, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி சொல்லும் குரலில் வாசித்தது. "தெரிவித்துக்கொள்வதில்" என்ற இடத்தில் தடுக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தது. வாசித்து முடித்ததும், "இதுல என்ன சொல்லியிருக்கு?" என்று முதல்வர் அம்மா கேட்டார். "லீவு மிஸ். அப்புறம் ஃபீஸ்" என்றது பிள்ளை.

அந்தக் குரல்தான் எனக்கு அளவுகோல் ஆயிற்று. எழுதியது அலுவலகத் தாளாக இருந்தால் பிள்ளை மேடைக் குரலில் வாசிக்கும், ஒரு மனுஷி எழுதியதாக இருந்தால் வீட்டுக் குரலில் வாசிக்கும். வாசிக்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "பொங்கிட, தங்கிட" என்று வந்ததும் அது மேடை ஏறிவிடுகிறது. அந்த "இட" முடிவு சுவரொட்டியிலும் ஒலிபெருக்கியிலும் கேட்டுக் கேட்டுப் பழகியது, வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

ஆனால் நடை மட்டும் பிரச்சினை இல்லை. அந்தத் தாளில் யாருமே இல்லை. விடுமுறை "விடப்படுகிறது", செய்தி "தெரிவிக்கப்படுகிறது", பெற்றோர் "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்". யார் விடுகிறார், யார் கேட்கிறார் என்பதற்கு ஆளே கிடையாது. பெற்றோருக்கு எழுதும் தாளில் பெற்றோரையே "அவர்கள்" என்று எட்ட நிறுத்திவிட்டோம். இருந்த ஒரே ஆள் "அடைகிறோம்" என்பதற்குள் ஒளிந்திருக்கும் "நாங்கள்", அதுவும் நிர்வாகம். தமிழில் "நாம்" என்றால் கேட்பவரும் உள்ளே வருகிறார், "நாங்கள்" என்றால் அவர் வெளியே நிற்கிறார். வாழ்த்துத் தாளில் வருடாவருடம் "நாங்கள்" என்றே எழுதிக்கொண்டிருந்தோம்.

பிறகு அந்த "மேலும்". வாழ்த்தையும் விடுமுறையையும் ஒட்டவைத்த ஆணி அது. அந்தச் சொல் வந்ததுமே அதற்கு முன் சொன்னது முன்னுரைதான் என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். பொங்கல் சமயத்தில் கட்டண வரி வருவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது: மூன்றாம் பருவம் ஜனவரியில்தான் தொடங்குகிறது. அதனால் எங்கள் பள்ளியில் வருடாவருடம் பொங்கல் வாழ்த்தின் வாலில் கட்டணம் தொங்கிக்கொண்டே வந்தது.

இன்னொன்றும் உண்டு. "உழவர் பெருமக்களின் திருநாள்" என்பது தவறில்லை. நம் மாவட்டத்திலேயே உள்ளே போனால் மழையை நம்பி விதைத்த நெல் தை மாதத்தில் அறுவடைக்கு நிற்கும், ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து வீட்டுக்கு அந்த வரி பொருந்தும். எங்கள் கரையில் அந்த மாதம் வேறு மாதிரி. வாடை அடிக்கிற காலம் அது. வடகடல் சீறுவதால் நாட்டுப் படகுகள் தென்கடல் பக்கம் போகும், காற்று ஓங்கினால் போகாமலே கரையில் கிடக்கும். ஏரையும் கதிரையும் பற்றிய வாழ்த்து இந்த வீடுகளுக்கு யாரோ எழுதி யாருக்கோ அனுப்பிய கடிதமாகத்தான் வந்து சேர்ந்தது. தாளின் தலையில் வேறு பள்ளியின் பெயரை அச்சடித்தாலும் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.

முதல்வர் அம்மா அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் அவரே எழுதிய இரண்டாவது வரைவு என் மேஜைக்கு வந்தது. "என் அன்புச் செல்வங்களைப் பெற்றெடுத்த தெய்வங்களே" என்று தொடங்கியது. ஒரு தாயின் இடத்திலிருந்து எழுதுவதாகவும், எல்லாப் பிள்ளைகளும் தன் பிள்ளைகளே என்றும், கடலன்னையின் மடியில் உழைப்பவர்களைத் தலைவணங்குவதாகவும் ஒன்றரைப் பக்கம் போனது. அவர் ஒரு சொல்லையும் பொய்யாக எழுதவில்லை, அவரை எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தாளில் அவர் தெரியவில்லை. அலுவலக நடையிலிருந்து தப்பி ஓடியவர் மேடை நடையில் போய் விழுந்திருந்தார். அன்பைப் பெயர் சொல்லிச் சொல்ல அதைப் படிப்பவர் கையில் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது.

ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவை நினைத்து வகுப்பில் அழுத எட்டாம் வகுப்பு மாணவியைத் தாம் அணைத்துக்கொண்டதாக எழுதியிருந்தார். அந்த மாணவியின் அப்பா எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்டு அக்கரையில் சிறையில் இருந்தார். தாள் முழுவதிலும் முதல்வர் அம்மா கண்ணால் பார்த்த ஒரே விஷயம் அது, அதனாலேயே படிக்கும்போது நெஞ்சைத் தொட்டது. அதை அனுப்பக் கூடாது என்று நான் சொன்னேன்.

"ஏன்? நடந்ததுதானே?"

"நடந்ததுதான் அம்மா. எட்டாம் வகுப்புல அந்த நிலைமையில இருக்கிற பிள்ளை ஒண்ணுதான். பேர் போடலைன்னாலும் ஊருக்கே தெரியும். அந்தத் தாளை அந்தப் பிள்ளையே வீட்ல வாசிச்சுக் காட்டணும்."

அவர் உடனே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். பிறகு, "குடும்பத்தோட ஒண்ணா உக்காந்து பொங்கல் சாப்பிடுங்கன்னு கீழே எழுதியிருக்கேனே, அதுவும் அந்த வீட்டுக்குப் போகும்ல?" என்று அவரே கேட்டு அதையும் அடித்தார். அந்த இரண்டாவது அடித்தல் எனக்குத் தோன்றவே இல்லை. எல்லா வாழ்த்திலும் இருக்கும் அந்தச் சாதாரண வரி, ஆள் குறைந்த வீட்டில் எப்படிக் கேட்கும் என்று யோசிக்க அவருக்குத்தான் தெரிந்தது.

தனிப்பட்ட கடிதம் எழுத நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறார்கள். பொதுவாக எழுதினால் யாரையும் தொடாது, ஒரு வீட்டைச் சுட்டினால் அந்த வீட்டின் கதவைத் திறந்துபோட்டதாகிவிடும். இரண்டுக்கும் நடுவில், பல வீடுகளுக்குப் பொதுவாகவும் எழுதுபவர் தானே பார்த்ததாகவும் உள்ள ஒன்று வேண்டும். "இந்த மாசம் நீங்க தினமும் பார்க்கிறது என்ன?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "காலையில ஏழரைக்கே வந்து வாசல்ல பிள்ளைங்க நிக்குது. நான் எட்டேகாலுக்கு வரும்போதுதான் வாட்ச்மேன் திறக்கிறார்."

மூன்றாவது வரைவு அதிலிருந்து வந்தது. 11-ஆம் தேதி வியாழக்கிழமை இதைத்தான் அனுப்பினோம்:

"நம் பிள்ளைகளின் வீட்டாருக்கு,

வணக்கம். இந்த மார்கழியில் பல நாள் காலை ஏழரைக்கே வந்து பள்ளி வாசலில் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்தேன். வாடைக் காற்றில் மணல் பறக்கிறது. புத்தகப் பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். 'ஏன் இவ்வளவு சீக்கிரம்?' என்று கேட்டேன். 'வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் வேலைக்குப் போயாச்சு மிஸ்' என்றார்கள்.

தை பிறந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்து வாசல் ஏழரைக்குத் திறந்திருக்கும். நான் இருப்பேன். நான் வர முடியாத நாளில் இன்னோர் ஆசிரியர் இருப்பார்.

பொங்கல் வைக்கிற வீடுகளுக்கு என் பொங்கல் வாழ்த்து. வைக்காத வீடுகளிலும் ஐந்து நாள் பிள்ளைகள் உங்களோடு இருக்கப் போகிறார்கள். அந்த நாட்கள் நல்லபடியாக இருக்கட்டும்."

கீழே அவருடைய பெயர். பதவி இல்லை, முத்திரை இல்லை.

விளிக்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. "அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு" என்று நான் எழுதியிருந்தேன். உம்மா, வாப்பா என்று அழைக்கும் வீடுகள் அதில் இல்லை என்றார் முதல்வர் அம்மா. அம்மாச்சியிடம் வளரும் பிள்ளைகளும் பலர் இருக்கிறார்கள். "பெற்றோர்" என்றால் திரும்ப அலுவலகம். "வீட்டார்" எல்லாரையும் உள்ளே கொண்டுவந்தது. முன்னால் "நம் பிள்ளைகளின்" என்று வைத்ததும், இரண்டாவது வரைவு ஒன்றரைப் பக்கத்தில் சொல்ல முயன்றது ஒரு சொல்லில் வந்துவிட்டது. "தங்கள்" என்பதை எல்லா இடத்திலும் "உங்கள்" ஆக்கினோம். எங்கள் பக்கம் பெரியவர்களிடம் பேசும்போது "நீங்கள், உங்கள்" என்பதிலேயே மரியாதை நிறைந்திருக்கிறது.

முழுவதையும் பேச்சுத் தமிழில் எழுதலாம் என்று ஓர் இளம் ஆசிரியர் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. பள்ளி முதல்வர் எழுத்தில் "வந்துட்டாங்க, போயிட்டாங்க" என்று எழுதினால் இங்கே நெருக்கமாகப் படாது, விளம்பரம் மாதிரிப் படும். பிள்ளை சொன்னது பிள்ளையின் வாய்மொழியில் இருக்கட்டும், முதல்வர் சொல்வது எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அதே ஆறாம் வகுப்புப் பிள்ளையை மறுபடி வாசிக்கச் சொன்னபோது, "பூட்டிட்டு" என்ற இடத்தில் அதன் குரல் தானாக இறங்கி வீட்டுக் குரலாயிற்று. இந்த முறை "என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டதற்கு, "காலையில சீக்கிரம் வந்தா உள்ளே உக்காரலாம்" என்றது.

இது வாழ்த்தா அறிவிப்பா என்று கேட்டால், எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. யோசித்துப் பார்த்ததில் தாளை முதல்வருடைய கடிதம் ஆக்கியது அந்த வாக்குறுதிதான் என்று இப்போது நினைக்கிறேன். அதை அவர் ஒருவர்தான் கொடுக்க முடியும், கொடுத்த பிறகு தினமும் காலையில் அவர்தான் எழுந்து வர வேண்டும். நிர்வாகத்தின் சார்பில் வாழ்த்துச் சொல்வதால் யாருக்கும் எந்த வேலையும் வருவதில்லை.

விடுமுறைத் தேதிகளை என்ன செய்வது? அவற்றையும் இந்த நடையில் சேர்க்க ஆசைப்பட்டேன். அது தவறு என்று தாளாளர் சொன்னார், சரியாகவே சொன்னார். விடுமுறை என்பது பள்ளியின் முடிவு. அதற்குத் தலைப்பு, எண், முத்திரை எல்லாம் வேண்டும், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் சுற்றும்போது உண்மையா பொய்யா என்று பெற்றோர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆகவே இரண்டு தாள். விடுமுறை அறிவிப்பு பழைய அலுவலக நடையில், மூன்று வரியில், பெற்றோர் கையொப்பமிட்டுத் திருப்பித் தரும் துண்டுச் சீட்டோடு போனது. வாழ்த்துத் தாளில் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. கட்டண நினைவூட்டல் எந்தத் தாளிலும் இல்லை, பள்ளி திறந்து நான்கு நாள் கழித்து, பாக்கி உள்ள வீடுகளுக்கு மட்டும் தனியாகப் போனது. அதில் தாளாளருக்கு வருத்தம்தான். முதல்வர் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை.

என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். எதையும் திருப்பிக் கேட்காததால் எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வழி இல்லை. ஆனால் விடுமுறைத் துண்டுச் சீட்டுகள் திரும்பி வந்தபோது சிலவற்றின் பின்பக்கம் எழுத்து இருந்தது. "ஏழரைக்கு வாசல் திறப்பதுக்கு நன்றி மிஸ், உங்களுக்கும் பொங்கல் வாழ்த்து" என்று ஒன்று. "நாங்க பொங்கல் வைக்கிறது இல்ல, ஆனா லெட்டர் படிச்சோம்" என்று இன்னொன்று. முன்பெல்லாம் அந்தச் சீட்டுகளில் கையெழுத்தைத் தவிர எதுவும் வந்ததில்லை. 18-ஆம் தேதி காலை ஏழரைக்கு முதல்வர் அம்மா வாசலில் நின்றார். அன்று பதினேழு பிள்ளைகள் வந்தார்கள், அந்த மாத முடிவில் அது முப்பதைத் தாண்டியது.

பிழை, வாசல் திறந்ததற்கு அடுத்த நாளே தெரிந்தது. நண்டு கம்பெனிக்குப் போகும் ஓர் அம்மா, வேலைக்குப் போகிற வழியில் முதல்வர் அம்மாவைப் பார்க்க வந்தார். கோபமாக இல்லை, முகம் வாடியிருந்தது. "நாங்க பிள்ளைய வெளிய நிறுத்திட்டுப் போறோம்னு எல்லாருக்கும் எழுதிட்டீங்களே மிஸ்" என்றார்.

ஒருவர் பெயரும் இல்லை, ஒரு வீட்டையும் சுட்டவில்லை என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். ஆனால் பிள்ளை சொன்ன "வீட்டைப் பூட்டிட்டு" என்ற சொல்லை அப்படியே எடுத்துப்போட்டபோது, குற்றம் வீட்டின் பக்கம் போய் நின்றுவிட்டது. வாசலைப் பூட்டி வைத்திருந்தது பள்ளி. கடிதத்தில் பூட்டு வீட்டில் தொங்கியது. நெருக்கமாக எழுதியதால்தான் அது அவரைத் தைத்தது, "பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை 8.15-க்கு முன் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று எழுதியிருந்தால் அவருக்கு உறைத்திருக்காது. பிள்ளையின் பேச்சை எடுத்தாண்ட வரியைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. அதைத் தாயின் காதால் நான் ஒருமுறையும் கேட்டுப் பார்க்கவில்லை. பிள்ளையை வாசிக்கச் சொன்னோம், ஒரு தாயை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லவில்லை.

அன்று முதல்வர் அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, அந்த வரி எப்படி இருந்திருக்க வேண்டும் என்று எழுதிக் காட்டினார்: "ஏழரைக்கே பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். இத்தனை நாள் வாசலைப் பூட்டி வைத்திருந்தது எங்கள் தவறு." ஒரு "எங்கள்" போதுமானதாக இருந்தது. வாழ்த்தில் பெற்றோரை வெளியே நிறுத்தும் அந்தச் சொல், குற்றத்தில் அவர்களை வெளியே நிறுத்தியிருக்கும். அங்கே அது வேண்டியிருந்தது.

2025 பொங்கல் 14-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வந்தது. அலுவலக எழுத்தர் கணினியில் முந்தைய வருடத் தாளைத் திறந்து தேதி மாற்றிக் கொண்டுவந்தார். ஆனால் தேதியை மாற்றினால் மட்டும் போதவில்லை. வாசல் ஒரு வருடமாக ஏழரைக்குத் திறந்துதான் இருந்தது. வெற்றுத் தாளை எடுத்து முதல்வர் அம்மா முதல் வரியை எழுதினார்: "போன பொங்கலுக்கு உங்களுக்கு எழுதிய கடிதத்தில், எங்கள் வாசல் பூட்டியிருந்ததை உங்கள் வீட்டுப் பூட்டுபோல எழுதிவிட்டேன்." எழுதி முடித்ததும் அந்த நண்டு கம்பெனி அம்மாவை வரச் சொல்லி, அவர் மகளை வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.